ஆறடி ராஃப்ட்டில் சூடு பிசகினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கொங்கிறீற்று போட்டு இரண்டாம் நாள் காலை. மேசன் பாஸ் தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார். "மேலே கை வைக்க ஏலாத சூடு சேர். நல்லாத் தண்ணி அடிச்சு ஆத்திவிடுவம்" என்கிறார். முப்பது வருடமாக வீட்டுச் சிலாப்புகளுக்கு அவர் செய்துவரும் வேலை அது, அங்கே அது சரியும்கூட. கட்டடம் முழுவதையும் ஒரே பாளமாகத் தாங்கும் ஆறடித் தடிப்புள்ள ராஃப்ட் அத்திவாரத்தில் அதே வேலை வெடிப்பை உண்டாக்கும். திருகோணமலைப் பக்கம் நான் பார்த்த தடித்த அத்திவாரங்களில் பிசகியவற்றில் பாதிக்கு மேல், யாரோ நல்ல மனதோடு ஆற்றப்போனதால்தான் பிசகின.

காக்க வேண்டிய எண்கள் இரண்டு. எல்லாம் செல்சியஸ் பாகை. நடுவயிற்றின் உச்சச் சூடு 70 பாகையைத் தாண்டக்கூடாது. நடுவுக்கும் மேற்பரப்புக்கும் இடையிலான வித்தியாசம் 20 பாகையைத் தாண்டக்கூடாது. முதல் எண்ணின் விதி கொங்கிறீற்று போடும் முன்னரே எழுதப்பட்டுவிடும்: கலவையில் எவ்வளவு சீமெந்து, லொறி எத்தனை பாகையில் வந்து இறங்கியது என்பதே அதைத் தீர்மானிக்கும். இரண்டாவது எண் போட்ட பிறகு மேற்பரப்பில் தீர்மானமாகும். முதல் எண்ணுக்குரிய வைத்தியத்தை இரண்டாவதற்குக் கொடுப்பதுதான் குழாய் பிடிக்கிற தவறு. ஆகவே கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும், "இது எந்த எண்ணின் நோய்?" என்று முதலில் கேளுங்கள்.

கையில் ஒரு கணக்கு இருந்தால் பேசுவது சுலபம். உப்புவெளிப் பக்கம் ஒரு நீர்த்தாங்கிக் கோபுரத்துக்குப் போட்ட ராஃப்ட்டை எடுத்துக்கொள்கிறேன். 16 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம், 1.8 மீற்றர் தடிப்பு. ஏறத்தாழ 346 கன மீற்றர். வைகாசி மாதம், இரவில் போட்டோம். கன மீற்றருக்கு மொத்தம் 360 கிலோ பசைப்பொருள், அதில் 234 கிலோ சாதாரண போர்ட்லண்ட் சீமெந்து, 126 கிலோ பறக்கும் சாம்பல், அதாவது நிலக்கரி எரித்து மிஞ்சும் நுண்சாம்பல். தண்ணீர் 160 கிலோ, சல்லியும் மணலும் சேர்த்து 1880 கிலோ.

சீமெந்து தரும் சூட்டுக்கு வேலைத்தலக் கணக்கு ஒன்று உண்டு. சூடு வெளியே போகாவிட்டால் கன மீற்றரில் உள்ள ஒவ்வொரு 100 கிலோ சீமெந்தும் ஏறத்தாழ 12 பாகை ஏற்றும், சாம்பல் அதில் பாதி ஏற்றும் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் கலவைக்கு அது 28 உம் 8 உம், மொத்தம் 36. 360 கிலோவும் வெறும் சீமெந்தாக இருந்தால் 43. இறக்கும்போதிருந்த சூட்டோடு இதைக் கூட்டினால் உச்சம் வந்துவிடும். 29 பாகையில் இறக்கினால் 65. சாம்பல் கலவை பலம் பெறச் சுணங்கும் என்பதால் 28 நாள் பலத்துக்குப் பதில் 56 நாள் பலத்தைக் கேட்கும்படி வடிவமைப்புப் பொறியியலாளரிடம் முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிவிட வேண்டும். அந்த ஒரு கடிதம் பல தொன் ஐஸுக்குச் சமம்.

அறிகுறி 1: லொறி வந்து நிற்கிறது, கொங்கிறீற்று 34 பாகை காட்டுகிறது

எங்கள் இலக்கு 30, திருப்பி அனுப்பும் எல்லை 32. 34 என்றால் அந்த லொறி இறங்கக்கூடாது. இறக்கும் சூட்டில் ஒரு பாகை கூடினால் உச்சத்திலும் ஏறத்தாழ ஒரு பாகை கூடும், பிறகு அதை யாரும் திருப்பி எடுக்க முடியாது.

அடுத்து, சூடு எங்கே ஏறியது என்று பிரியுங்கள். கலவை நிலையத்திலிருந்து புறப்படும்போது எத்தனை பாகை என்று லொறிச் சீட்டில் எழுதச் சொல்லியிருக்க வேண்டும். புறப்படும்போது 26, வந்தபோது 34 என்றால் பிழை வழியில். லொறி வரிசையில் நின்றிருக்கும், அல்லது பம்ப் மெதுவாகியிருக்கும். லொறிகளை இடைவெளி விட்டு அனுப்பச் சொல்லுங்கள், உருளையின் மேல் ஈரச் சாக்குப் போடுங்கள். புறப்படும்போதே 31 என்றால் பிழை கலவையில். அதைக் கண்டுபிடிக்க இந்தச் சமன்பாடு போதும்:

```
T = (0.22*(Ta*Wa + Tc*Wc) + Tw*Ww - 80*Wi) / (0.22*(Wa + Wc) + Ww + Wi)
```

T கலவையின் சூடு. Wa சல்லியும் மணலும், Wc சீமெந்தும் சாம்பலும், Ww தண்ணீர், Wi ஐஸ், எல்லாம் கிலோவில். Ta, Tc, Tw அவற்றின் சூடு. சல்லி 33, சீமெந்து 60, தண்ணீர் 30 பாகை என்று போட்டால், ஐஸ் இல்லாமல் 35.5 வரும். தண்ணீரில் 60 கிலோவை ஐஸாக மாற்றினால் 25.4. வழியில் மூன்று பாகை ஏறி 28 அல்லது 29இல் வந்து சேரும். அதாவது 10 கிலோ ஐஸ் 1.7 பாகை இறக்குகிறது.

இந்தச் சமன்பாட்டை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். எல்லோரும் சீமெந்தைத்தான் குற்றம் சொல்வார்கள், "ஆலையிலிருந்து சுடச்சுட வந்தது" என்பார்கள். சீமெந்து 10 பாகை சூடாக வந்தால் கொங்கிறீற்று ஏறுவது 1.2 பாகை மட்டும். சல்லிக் குவியல் வெயிலில் கிடந்து 33இலிருந்து 40 ஆனால் ஏறுவது 4.4 பாகை. எடையில் பெரும்பங்கு சல்லிதானே. ஆகவே முதல் வேலை சல்லிக்கு நிழல். தகரக் கூரை இல்லாவிட்டால் மேலே உயர்த்திக் கட்டிய படங்காவது வேண்டும். பருங்கல் சல்லிக்குத் தண்ணீர் தெளித்து ஆறவிடலாம், அந்த ஈரத்தைக் கலவைத் தண்ணீரிலிருந்து கழிக்க மறக்கக்கூடாது.

ஐஸ் விடயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு வசதி, மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஆலைகள். 346 கன மீற்றருக்கு 60 கிலோ வீதம் ஏறத்தாழ 21 தொன் வேண்டும். மீன்பிடி மும்முரமாக இருக்கும் கிழமையில் அவ்வளவு கிடைக்காது, ஆகவே முன்பதிவு செய்யுங்கள். கட்டி ஐஸ் உப்பு நீர்த் தொட்டிக்குள் தகர அச்சுகளை இறக்கி உறைய வைப்பது. அச்சில் ஓட்டை இருந்தால் உப்பு ஐஸுக்குள் வந்துவிடும். கம்பி போட்ட கொங்கிறீற்றுக்கு அது ஆகாது, ஒவ்வொரு ஆலையின் ஐஸையும் உருக்கிக் குளோரைட்டுச் சோதனை செய்யாமல் வாங்க வேண்டாம். கட்டியை நன்றாக நொறுக்கித்தான் போட வேண்டும். கலவை இறங்கும்போது உருகாத துண்டு கிடந்தால் அது பின்னர் உருகி ஓட்டையாகிவிடும்.

முந்தின நாள் மழை பெய்திருந்தால் இன்னொரு தடை வரும். 750 கிலோ மணலில் ஐந்து வீத ஈரம் என்றால் அதுவே 37 கிலோ தண்ணீர். மணலே தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டதால் ஐஸாக மாற்றக் கிடைக்கும் பங்கு சுருங்கிவிடும். "நேற்றுச் சரியாக வந்தது, இன்றைக்கு ஏன் சூடு?" என்ற கேள்விக்குப் பல தடவை விடை இதுதான். மணலையும் மூடுங்கள்.

அறிகுறி 2: நடுவயிறு 70ஐ நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது

1.8 மீற்றர் தடிப்பில் உச்சம் பொதுவாக இரண்டாம் மூன்றாம் நாளில் வரும். எங்கள் ராஃப்ட்டில் ஐம்பதாவது மணித்தியாலத்தில் 62இல் நின்றது. கணக்கு 65 என்றது, கொஞ்சச் சூடு வெளியே போயிருக்கிறது.

முதல் நாள் முடிவிலேயே 60ஐத் தொட்டுவிட்டது, 70ஐத் தாண்டும் போலிருக்கிறது என்றால், உள்ளே குளிர்நீர்க் குழாய் பதித்திருந்தால் மட்டுமே செய்ய ஏதாவது உண்டு. ஓட்டத்தைக் கூட்டலாம். குழாய் நீர் சுற்றியுள்ள கொங்கிறீற்றைவிட 20 பாகைக்கு மேல் குளிராக இருந்தால் குழாயைச் சுற்றியே வெடிக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய் இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் சரி. மேலே மூடியதைக் கழற்றினால் நடுவயிறு உடனே ஆறாது, சூடு 90 சென்ரிமீற்றர் கொங்கிறீற்றைக் கடந்து வரப் பல நாள் எடுக்கும். மேற்பரப்பு மட்டும் சில மணித்தியாலத்தில் ஆறிவிடும். உச்சம் இறங்காமல் வித்தியாசம் மட்டும் கூடும்.

70 என்ற எல்லை ஏன்? அதற்கு மேல் போனால், சீமெந்து இறுகும் காலத்திலேயே உருவாக வேண்டிய எட்ரிங்கைட் என்ற படிகம் அப்போது நிலைக்காமல், கொங்கிறீற்று கல்லான பிறகு ஈரம் கிடைக்கும்போது மெல்ல மெல்ல உருவாகி உள்ளிருந்து ஊதும். வருடங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதற்கு ஈரம் வேண்டும். கடலோரத்து மணலில், நிலத்தடி நீர் மட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ராஃப்ட்டுக்கு ஈரத்துக்கு ஒருநாளும் பஞ்சமில்லை, ஆகவே இங்கே இந்த எண்ணில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தாண்டியே விட்டால் பதற வேண்டாம், அளவுகளை முழுதாகப் பதிவுசெய்து பொறியியலாளரிடம் கொடுங்கள். அமெரிக்கக் கொங்கிறீற்று நிறுவனத்தின் வழிகாட்டல், 70க்கும் 85க்கும் இடையில் போனால் பசைப்பொருளில் குறைந்தது கால்வாசி சுண்ணாம்பு குறைந்த பறக்கும் சாம்பலாக இருப்பது போன்ற பாதுகாப்பு இருந்தால் ஏற்கலாம் என்கிறது. 85க்கு மேல் ஏற்பதில்லை. எங்கள் கலவையில் 35 வீதம் சாம்பல் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அறிகுறி 3: வித்தியாசம் 20ஐத் தாண்டுகிறது

அதிகம் வருவதும் இதுதான், கையால் சரிசெய்யக்கூடியதும் இதுதான்.

என்ன நடக்கிறது என்றால், உள்ளே சூட்டில் பெருக்கிறது, வெளித்தோல் ஆறிச் சுருங்குகிறது. உடம்பு பெருத்துச் சட்டை சுருங்கினால் தையல் பிரியும். அந்தத் தையல்தான் மேற்பரப்பு வெடிப்பு. 20 என்ற எண் ஆற்றுக்கூழாங்கல் கலந்த கொங்கிறீற்றை வைத்து வந்தது. கிரனைட் வகைக் கல்லுக்கு ஏறத்தாழ 28 வரை பிரித்தானிய வழிகாட்டல் விடும், நம்முடைய கருங்கல்லும் அந்தக் குணத்துக்குக் கிட்டத்தான். ஆனாலும் உங்கள் கல்லின் விரிவைச் சோதித்த தாள் கையில் இல்லாவிட்டால் 20ஐயே பிடியுங்கள்.

உள்ளே பதித்த உணரிகள் தரும் சூட்டு வரைபடத்தில் நடுவயிற்றுக் கோட்டையும், மேற்பரப்பிலிருந்து 50 மில்லிமீற்றர் கீழே உள்ள கோட்டையும் ஒன்றாகப் பாருங்கள். நடுக்கோடு ஏறிக்கொண்டே போக மேற்கோடு படுத்துக் கிடந்தால், மூடியது போதவில்லை. இன்னொரு அடுக்குப் போடுங்கள். மேற்கோடு திடீரென்று விழுந்தால் மூடியது எங்கோ திறந்துவிட்டது, அல்லது நனைந்துவிட்டது. அடுக்கைக் கூட்டும் முன் அந்த இடத்தைத் தேடுங்கள்.

எங்களுக்கு நடந்தது இரண்டாவது. மூன்றாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு நடுவே 62, மேலே 46, வித்தியாசம் 16. எல்லோருக்கும் நிம்மதி. நான்கரைக்கு இடி மழை. காற்று வடகிழக்கு மூலைப் படங்கைக் கிளப்பி, மழைத்தண்ணீர் ரெஜிபோம் தட்டுகளுக்குக் கீழே ஓடியது. ஏழரைக்கு மேற்கோடு 37இல், வித்தியாசம் 25இல். காவலுக்கிருந்த தம்பி அலைபேசியில் சொன்னபோது முதலில் கேட்டது, "சேர், படங்கை முழுசா எடுத்துக் காயவிடவா?" என்று. வேண்டாம் என்றேன். திறந்த ஒவ்வொரு நிமிடமும் ஈரம் ஆவியாகி இன்னும் குளிரும். மூலையிலிருந்து இரண்டு மீற்றர் அகலமாக மட்டும் திறந்து, தேங்கிய தண்ணீரை ரப்பர் தள்ளியால் தள்ளி, புதிய பொலித்தீனை ஒரு முழம் மேற்படிய விரித்து, காய்ந்த ரெஜிபோம் போட்டு, படங்கை இழுத்து, மேலே மணல் மூட்டை வைத்து, அடுத்த இரண்டு மீற்றருக்குப் போனோம். ஒன்பதரைக்கு முடிந்தது. விடியும்போது நடுவே 61, மேலே 42, வித்தியாசம் 19. பிறகு அந்த மூலையில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு தெரிந்தது, வேறெங்கும் இல்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் மூடும் முறை இது. மட்டம் பார்த்து முடித்தவுடன் பொலித்தீன், விளிம்புகள் நன்றாக மேற்படிய. அது உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆகவே பராமரிப்பு நீர் தனியாக வேண்டியதில்லை. அதன் மேல் 50 மில்லிமீற்றர் ரெஜிபோம், மூட்டுகள் இடைவெளி இல்லாமல். அதன் மேல் படங்கு, நடுவில் கொஞ்சம் உயர்த்தி, தண்ணீர் வெளியே ஓடும்படி. படங்கின் விளிம்பு ராஃப்ட்டின் பக்கப் பலகையைத் தாண்டிக் கீழே தொங்க வேண்டும். ஈரச் சணல் சாக்கை மூடியாக எண்ண வேண்டாம். காய்ந்த சாக்கு சூட்டைப் பிடிக்கும், ஈரச் சாக்கு விசிறி போல ஆற்றும்.

வயல் வரம்பு போலச் சாந்து வரம்பு கட்டித் தண்ணீர் தேக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் என்ன செய்வது? பராமரிப்பு நீர் கொங்கிறீற்று மேற்பரப்பைவிட 11 பாகைக்கு மேல் குளிராக இருக்கக்கூடாது. பவுசர் தண்ணீர் 29, மேற்பரப்பு 46 என்றால் இடைவெளி 17. இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஆலோசகரிடம் காட்டுங்கள், அநேகமாகப் பொலித்தீனுக்கு ஒத்துக்கொள்வார்.

மூலைகளுக்குத் தனிக் கவனம் தேவை, அங்கே மேலாலும் இரண்டு பக்கத்தாலும் சூடு போகிறது. பக்கத்துக்கு ஒட்டுப்பலகை அடித்திருந்தால் அதுவே ஓரளவு மூடி. இரும்புத் தட்டுச் சட்டம் என்றால் வெளியே ரெஜிபோம் ஒட்ட வேண்டும். அடுத்த வேலைக்கு வேண்டும் என்று பக்கப் பலகையை மூன்றாம் நாள் கழற்றுவது குழாய் பிடிப்பதற்குச் சமமான தவறு.

அறிகுறி 4: வெடிப்புத் தெரிகிறது, காரணம் தெரியவில்லை

எப்போது தெரிந்தது என்று முதலில் கேளுங்கள். போட்ட அன்றே, சில மணித்தியாலத்துக்குள் வந்திருந்தால் அது சூட்டு வெடிப்பு அல்ல. ஆனி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் பகலில் போட்டால், மேல் ஈரத்தைக் காற்று உறிஞ்சி, ஒழுங்கில்லாத குறுக்கு வெடிப்புகள் வரும். மேல் கம்பிக்கு நேரே, கம்பி வரிசையை அப்படியே படம்போட்டது போல ஓடினால், கொங்கிறீற்று கம்பியைச் சுற்றி அமர்ந்ததால் வந்தது. இரண்டையும் இறுகும் முன் மறுபடி அதிர்வூட்டித் தேய்த்தால் மூடலாம். இரவில் போடுவதற்கு இன்னொரு காரணமும் இதுதான், கச்சான் பெரும்பாலும் இரவில் அடங்கிவிடும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு, மூடியைத் திறந்த அன்று அல்லது மழைக்கு மறுநாள் தெரிந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். வெடிப்பு தெரிந்த நேரத்தை வித்தியாச வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். எங்கள் மூலை வெடிப்பு 25 என்ற சிகரத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அளந்தால் 0.1 மில்லிமீற்றர். உள்ளே ஆறி வித்தியாசம் குறையும்போது இத்தகைய தோல் வெடிப்பு பெரும்பாலும் தானே ஒடுங்கும். ஆகவே சூடாக இருக்கும்போதே பிசின் ஏற்ற அவசரப்படக்கூடாது. முழுதாக ஆறிய பிறகு அளந்து, கடலோர உப்பு நிலத்துக்கு வடிவமைப்பில் அனுமதித்த அகலத்தைவிடக் கூடியதை மட்டும் அடைத்தால் போதும்.

அறிகுறி 5: அளவே நம்ப முடியாதபடி இருக்கிறது

நடுவயிறு 31 பாகை என்று இரண்டாம் நாள் காட்டினால், சந்தோஷப்படாமல் உணரியின் வயரைப் பாருங்கள். சூட்டை அளக்கும் தேர்மோகப்பிள் வயரின் இரு முனையும் மாறிப் பூட்டப்பட்டிருந்தால், உள்ளே சூடேற ஏற அளவு கீழே போகும். வயர் நீளம் போதாமல் சாதாரணச் செப்பு வயரால் ஒட்டு நீட்டியிருந்தால், ஒட்டுப் போட்ட இடத்துக்கும் கருவிக்கும் உள்ள சூட்டு வேறுபாடு அளவில் பிழையாக ஏறும், வெயிலுக்கும் நிழலுக்கும் அளவு ஆடும். அதே வகை வயரால்தான் நீட்ட வேண்டும். உணரியைக் கம்பியோடு நேரே கட்டினாலும் பிழை வரும், ஒரு மரச் சில்லு இடையில் வையுங்கள். போடும்போது அதிர்வூட்டி பட்டு அறுபடும் என்பதால் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு உணரி. நடு, மேல், கீழ், ஒரு மூலை, பிறகு நிழலில் வெளிக்காற்று, இந்த ஐந்து இடம் இந்த அளவு ராஃப்ட்டுக்குப் போதும்.

அறிகுறி 6: "பத்து நாளாச்சு, இன்னும் கழற்ற விடுகிறாரில்லை"

இந்த முறைப்பாட்டை ஒப்பந்தக்காரர் கட்டாயம் சொல்வார். நாளை எண்ணிக் கழற்றக்கூடாது, நடுச் சூட்டைப் பார்த்துத்தான் கழற்ற வேண்டும். மூடியை எடுத்தால் மேற்பரப்பு கிட்டத்தட்டக் காற்றின் சூட்டுக்கு இறங்கும், ஆகவே நடுச் சூட்டிலிருந்து வரப்போகும் மிகக் குளிரான இரவைக் கழித்தால் 20க்குள் வர வேண்டும். வைகாசியில் எங்கள் இரவு 26, ஆகவே நடு 46க்கு இறங்கும் வரை காத்திருந்தோம். பதின்மூன்றாம் நாள் வந்தது. மார்கழியில் வாடையும் மழையும் சேர்ந்து 23க்குப் போகும் என்றால் 43 வரை பொறுக்க வேண்டும்.

கழற்றுவதும் ஒரே மூச்சில் வேண்டாம். முதல் நாள் மத்தியானம் காற்று சூடாக இருக்கும்போது ரெஜிபோமை மட்டும் எடுத்துப் படங்கை விட்டுவையுங்கள். ஒரு இரவு கடந்து காலையில் வித்தியாசத்தைப் படித்து, 20க்குள் நின்றால் அன்று மத்தியானம் மீதியை எடுக்கலாம். தாண்டியிருந்தால் அதே ரெஜிபோம் திரும்பவும் மேலே போகும், அதனால் தட்டுகளை அந்த ஒரு இரவுக்காவது லொறியில் ஏற்றி அனுப்பிவிடாமல் பக்கத்திலேயே அடுக்கி வைக்கச் சொல்லுங்கள்.